ஆப்ஷன் கணக்கு: உங்கள் லெவல் என்ன?

அமெரிக்காவில் பங்குச் சந்தைக் கணக்கு தொடங்குவது சில நிமிட வேலை. ஆப்பிள் பங்கையோ ஃபோர்டு பங்கையோ வாங்கும்போது உங்களுக்கு எத்தனை வருட அனுபவம் என்று புரோக்கர் கேட்டு நிறுத்துவதில்லை. அதே கணக்கில் ஆப்ஷன் வர்த்தகம் செய்ய நினைத்தால் தனியாக இன்னொரு விண்ணப்பம் வந்து நிற்கும். வருட வருமானம் எவ்வளவு, மொத்தச் சொத்து எவ்வளவு, அதில் உடனே பணமாக்கக்கூடியது எவ்வளவு, என்ன வேலை, என்ன வயது, உங்களை நம்பி எத்தனை பேர், எதற்காக முதலீடு செய்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். பதில்களைப் பார்த்துவிட்டு ஓர் எண்ணைத் தருவார்கள். லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று போகும் அந்த எண்தான் நீங்கள் எந்த வகை ஆப்ஷன் வர்த்தகத்தைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்வது விதி. புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் 2360-ஆம் விதிப்படி, வாடிக்கையாளரின் நிதி நிலை, அனுபவம், நோக்கம் ஆகியவற்றை விசாரித்து அறிந்த பிறகே ஆப்ஷன் கணக்கை அனுமதிக்க வேண்டும். ஆப்ஷன்களின் தன்மையையும் ஆபத்தையும் விளக்கும் ஒரு நீண்ட கையேட்டையும் அனுமதிக்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்துவிட வேண்டும். ஆனால் எத்தனை லெவல் இருக்க வேண்டும், எந்த லெவலில் எது அடங்கும் என்று விதி சொல்வதில்லை. அது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. சார்லஸ் ஷ்வாப் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஃபிடெலிட்டி முன்பு ஐந்தாக வைத்திருந்ததை மூன்றாகச் சுருக்கிவிட்டது. ராபின்ஹுட்டில் ஆப்ஷன் அனுமதி இரண்டாம் லெவலிலிருந்தே ஆரம்பமாகிறது. ஆகவே "எனக்கு லெவல் 2 கிடைத்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், எந்த புரோக்கரிடம் என்று கேட்காமல் அதற்குப் பொருள் இல்லை.

எண்கள் மாறினாலும் படிகளின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் கேள்வி பலரும் நினைப்பதிலிருந்து வேறுபட்டது. வாடிக்கையாளர் நஷ்டப்படுவாரா என்று கணக்குப் போட்டு யாரும் இந்தப் படிகளை அடுக்கவில்லை. நஷ்டம் வந்தால் அதைக் கட்டுவதற்கான பணமோ பங்கோ இப்போதே கணக்கில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் கீழ்ப்படி. இல்லாமல், பின்னால் தேடிக் கட்ட வேண்டியிருந்தால் மேல்படி. இதைப் புரிந்துகொண்டால் லெவல்களின் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் பார்க்கலாம். பங்கின் விலை 50 டாலர். ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் 100 பங்குகளைக் குறிக்கும். கால் ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு ஒரு குறிப்பிட்ட விலையில் பங்கை வாங்கும் உரிமை உண்டு, புட் ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு விற்கும் உரிமை உண்டு. அந்தக் குறிப்பிட்ட விலைதான் ஸ்ட்ரைக். உரிமைக்காக வாங்குபவர் கொடுக்கும் பணம் பிரீமியம். உரிமையை விற்றவருக்கு பிரீமியம் கிடைக்கும், பதிலுக்கு அவர் தலையில் ஒரு கடமை ஏறும்.

முதல் படியில் இரண்டு வர்த்தகங்கள் உண்டு. ஒன்று கவர்டு கால். உங்களிடம் 100 பங்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. 55 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட ஒரு கால் ஆப்ஷனை பங்குக்கு ஒரு டாலர் வீதம் விற்கிறீர்கள். 100 டாலர் கைக்கு வருகிறது. பங்கு 70 டாலருக்குப் போனாலும் நீங்கள் 55 டாலருக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கப் பங்கு கையில் இருப்பதால் புரோக்கருக்குக் கவலை இல்லை. இன்னொன்று, பணத்தை ஒதுக்கிவைத்து புட் விற்பது. 45 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட புட் ஒன்றை ஒரு டாலருக்கு விற்கிறீர்கள். பங்கு சரிந்தால் 100 பங்குகளை 45 டாலர் வீதம் வாங்கியாக வேண்டும். அதற்கான 4,500 டாலரைக் கணக்கிலேயே முடக்கி வைத்துவிடுகிறார் புரோக்கர்.

கீழ்ப்படி என்றதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக்கூடாது. பங்கு 30 டாலருக்கு விழுந்தால் கவர்டு கால் எழுதியவர் பங்கில் 2,000 டாலர் இழக்கிறார், பிரீமியமாக வந்த 100 டாலர்தான் ஆறுதல். புட் விற்றவருக்கு 1,400 டாலர் போகிறது. எல்லா நிறுவனங்களும் எளிதாக அனுமதிக்கும் வர்த்தகத்தில் வரும் நஷ்டம் இது.

அடுத்த படி, கால் அல்லது புட் ஆப்ஷனை விலை கொடுத்து வாங்குவது. ஒரு டாலர் பிரீமியத்தில் 55 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் ஒன்றை வாங்கினால் செலவு 100 டாலர். அதற்குமேல் ஒரு சென்ட் கூட இழக்க முடியாது. புரோக்கரின் பார்வையில் இது மிகச் சுத்தமான வர்த்தகம், ஏனென்றால் முழுப் பணமும் முதலிலேயே வந்துவிட்டது. வாங்கியவரின் பார்வை வேறு. பங்கு 50-லிருந்து 54-க்கு ஏறி, எக்ஸ்பைரி நாளில் அங்கேயே நின்றால், திசையைச் சரியாகக் கணித்தவருக்கும் போட்ட 100 டாலரில் எதுவும் திரும்ப வராது. கையிலிருந்த 5,000 டாலருக்கும் சேர்த்து 50 ஒப்பந்தங்கள் வாங்கியிருந்தால் 5,000 டாலரும் காலி. பங்கையே வாங்கியிருந்தால் 400 டாலர் லாபத்தில் இருந்திருப்பார். "இழப்பு வரையறுக்கப்பட்டது" என்று புரோக்கர்கள் எழுதுவது உண்மைதான். அந்த வரையறை போட்ட பணம் முழுவதும் என்பதை வாசகர் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு உச்சிப் படிக்குப் போனால் லெவல்களின் தர்க்கம் பளிச்சென்று தெரியும். உச்சியில் இருப்பது நேக்கட் ஆப்ஷன் விற்பனை. பங்கும் இல்லாமல், முழுப் பணமும் ஒதுக்காமல் விற்பது. முதல் படியில் பார்த்த அதே 45 ஸ்ட்ரைக் புட் ஆப்ஷனை இங்கேயும் விற்கலாம். அதே பங்கு, அதே பிரீமியம், அதே கடமை. மாறுவது ஒன்றுதான். 4,500 டாலரை முடக்குவதற்குப் பதிலாக மார்ஜின் என்ற சிறு தொகையை மட்டும் பிடித்துவைப்பார்கள். ஃபின்ராவின் குறைந்தபட்ச கணக்கு இப்படிப் போகிறது: பங்கு விலையில் 20 சதவீதம், அதாவது 10 டாலர். ஸ்ட்ரைக் விலை சந்தை விலைக்குக் கீழே 5 டாலர் தள்ளி இருப்பதால் அந்த 5 டாலரைக் கழிக்கலாம். மிச்சம் 5. அதோடு பிரீமியம் 1 சேர்த்தால் பங்குக்கு 6 டாலர். ஓர் ஒப்பந்தத்துக்கு 600 டாலர். புரோக்கர் விரும்பினால் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம்.

இப்போது 4,500 டாலர் வைத்திருக்கும் ஒருவரைப் பாருங்கள். முதல் படியில் இருந்தால் அவரால் ஒரு புட் மட்டுமே விற்க முடியும். பங்கு 30 டாலருக்கு விழுந்தால் 1,400 டாலர் நஷ்டம். வலிக்கும், ஆனால் 3,100 டாலர் மிஞ்சும். உச்சிப் படி அனுமதி இருந்தால் அதே பணத்துக்கு ஏழு புட் விற்றுவிடலாம். அதே விலைச் சரிவில் நஷ்டம் 9,800 டாலர். கணக்கிலிருந்த 4,500 போக, இன்னும் 5,300 டாலர் புரோக்கருக்குக் கடன். உண்மையில் விலை விழ விழ மார்ஜின் தேவையும் உயரும், பாதி வழியிலேயே "பணம் கட்டு" என்ற மார்ஜின் கால் வரும், கட்டாவிட்டால் புரோக்கரே வர்த்தகத்தை முடித்துவிடுவார். ஆனால் ஒரே இரவில் பங்கு சரிந்து மறுநாள் கீழ்விலையில் திறந்தால் அந்த இடைவழி நிறுத்தங்கள் எதுவும் இருக்காது.

நேக்கட் கால் இதைவிடக் கொடுமை. பங்கு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, மேலே போவதற்கு எல்லை இல்லை. 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் பங்கு இதை உலகுக்கே காட்டியது. அந்த மாத நடுவுக்குச் சற்று முன் சுமார் 20 டாலரில் இருந்த பங்கு, ஜனவரி 27 அன்று 347.51 டாலரில் முடிந்தது. 60 டாலருக்கு மேல் எங்கே போகப்போகிறது என்று நினைத்து அந்த ஸ்ட்ரைக்கில் ஒரே ஒரு கால் ஒப்பந்தத்தை நேக்கடாக விற்று வைத்திருந்தவருக்கு, அன்றைய முடிவு விலையில் 28,700 டாலருக்கு மேல் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். இதனால்தான் நேக்கட் விற்பனைக்குத் தனி நிபந்தனைகள், குறைந்தபட்ச இருப்புத் தொகை, தனி எச்சரிக்கை ஆவணம் எல்லாம் வைக்கும்படி விதியே புரோக்கர்களைக் கேட்கிறது. ராபின்ஹுட் போன்ற சில நிறுவனங்கள் இந்தப் படியையே வைத்துக்கொள்ளவில்லை. ஓய்வூதியச் சேமிப்புக்கான ஐ.ஆர்.ஏ. கணக்குகளில் நேக்கட் கால் விற்க முடியாது.

இனி, தள்ளிவைத்த மூன்றாம் படி. சாதாரண முதலீட்டாளர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் இது பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விடக் கச்சிதமாக இருக்கிறது. பெயர் ஸ்பிரெட். ஒன்றை விற்று, அதற்குப் பாதுகாப்பாக இன்னொன்றை வாங்குவது. நம் பங்கில் 45 ஸ்ட்ரைக் புட் ஆப்ஷனை ஒரு டாலருக்கு விற்கிறீர்கள், 40 ஸ்ட்ரைக் புட் ஆப்ஷனை 40 சென்ட்டுக்கு வாங்குகிறீர்கள். நிகரமாக 60 டாலர் வருகிறது. பங்கு எவ்வளவு விழுந்தாலும் 45-க்கும் 40-க்கும் இடையிலுள்ள 500 டாலர்தான் போக முடியும், வந்த 60-ஐக் கழித்தால் அதிகபட்ச நஷ்டம் 440 டாலர். திரையும் அப்படித்தான் காட்டும். இதற்கு மார்ஜின் கணக்கு வேண்டும், பொதுவாக அதில் 2,000 டாலராவது இருக்க வேண்டும்.

அந்த 440 டாலர் என்ற எண் ஒரு நிபந்தனையோடு வருகிறது. இரண்டு ஆப்ஷன்களும் ஒன்றாக உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும்.

எக்ஸ்பைரி நாளான வெள்ளிக்கிழமை பங்கு 42 டாலரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விற்ற 45 புட்டை வாங்கியவர் உங்களிடம் பங்கைத் தள்ளிவிடுவார். 100 பங்குகளை 45 டாலர் வீதம் நீங்கள் வாங்கியாக வேண்டும், 4,500 டாலர். நீங்கள் வாங்கி வைத்திருந்த 40 புட்? சந்தை விலை 42 இருக்கும்போது 40-க்கு விற்கும் உரிமைக்கு மதிப்பில்லை, அது காலாவதியாகிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாதுகாப்பில்லாத 100 பங்குகள் உங்கள் பெயரில் கிடக்கும். வார இறுதியில் நிறுவனத்தைப் பற்றி ஒரு கெட்ட செய்தி வந்து திங்கட்கிழமை பங்கு 33-இல் திறந்தால், நஷ்டம் 1,140 டாலர். 440 என்று எழுதிக் காட்டப்பட்ட வர்த்தகம்தான் இது. கணக்கில் அவ்வளவு பணம் இல்லாதவர்களின் ஸ்பிரெட்டைப் பல புரோக்கர்கள் எக்ஸ்பைரி நாள் மதியத்துக்குப் பிறகு தாங்களே விற்று முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் என்ன விலை கிடைக்கிறதோ அதுதான்.

எக்ஸ்பைரிக்கு முன்பேகூட இது நடக்கலாம். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை வாங்கியவர் எந்த நாளிலும் தன் உரிமையைப் பயன்படுத்தலாம். அப்படி ஒரு காலில் மட்டும் கடமை வந்து விழுந்தால், கணக்கில் திடீரென்று பெரிய கடன் தெரியும். கையிலுள்ள இன்னொரு புட் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும் என்றாலும், அந்த ஈடு திரையில் உடனே தெரியாமல் போகலாம்.

2020 ஜூனில் இது ஒரு துயரத்தில் முடிந்தது. ராபின்ஹுட்டில் ஸ்பிரெட் வர்த்தகம் செய்துவந்த 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரின் கணக்கு ஒரு நாள் இரவு ஏறத்தாழ 7 லட்சத்து 30 ஆயிரம் டாலர் மைனஸ் காட்டியது. மார்ஜினை அணைத்து வைத்திருந்த தனக்கு இவ்வளவு கடன் எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் சிலருக்குக் காட்டிய மைனஸ் இருப்புகள் தவறானவை என்று பின்னர் ஃபின்ரா கண்டறிந்தது.

2021 ஜூன் 30 அன்று ராபின்ஹுட் மீது ஃபின்ரா விதித்த 5.7 கோடி டாலர் அபராதமும், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரச் சொன்ன சுமார் 1.26 கோடி டாலரும் பல குற்றச்சாட்டுகளுக்காக வந்தவை. அவற்றில் ஒன்று நேரடியாக லெவல் அனுமதியைப் பற்றியது. விண்ணப்பங்களை மனிதர்கள் சரியாக மேற்பார்வையிடாமல் தானியங்கி நிரல்களே அனுமதித்து வந்தன. நிறுவனத்தின் சொந்தத் தகுதி நிபந்தனைகளையே நிறைவு செய்யாத ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். 21 வயதுகூட ஆகாதவர்கள் ஆப்ஷன் வர்த்தகத்தில் மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம் என்று நிரப்பியிருந்ததும் கடந்துபோயிருக்கிறது. 18 வயதுக்கு முன் சொந்தமாகக் கணக்கே தொடங்க முடியாத நாட்டில் அந்தப் பதில் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்பதைக் கவனிக்க ஒரு மனிதர் படித்திருந்தாலே போதும்.

இதில் நிறுவனத்தின் பொறுப்பு பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பத்தை நிரப்புபவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. லெவல் மறுக்கப்பட்டவர்கள் பதில்களை மாற்றி மறுபடி விண்ணப்பிப்பது பரவலான பழக்கம். "மூலதனப் பாதுகாப்பு" என்ற நோக்கம் "ஊக வணிகம்" ஆகும், ஓராண்டு அனுபவம் ஐந்தாண்டு ஆகும், வருமானத்தில் ஒரு பூஜ்யம் கூடும். பெரும்பாலான புரோக்கர்கள் இந்த எண்களுக்குச் சம்பளச் சீட்டு கேட்பதில்லை என்பதால் அனுமதியும் கிடைத்துவிடும். பின்னால் பெரிய நஷ்டம் வந்து, தகுதியில்லாத எனக்கு ஏன் அனுமதி கொடுத்தீர்கள் என்று மத்தியஸ்தத்துக்குப் போனால், நிறுவனம் முதலில் எடுத்து நீட்டுவது வாடிக்கையாளர் கையெழுத்திட்ட அந்த விண்ணப்பத்தைத்தான்.

இந்தியாவில் இப்படிப் படிப்படியான லெவல் முறை கிடையாது. எஃப் அண்ட் ஓ பிரிவைத் திறக்க வருமானச் சான்று கொடுத்தால் போதும், வாங்குவதற்கும் நேக்கடாக விற்பதற்கும் ஒரே கதவுதான். விற்பவரைக் கட்டுப்படுத்துவது மார்ஜின் மட்டுமே. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்தப் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. இந்தியாவில் வசித்துக்கொண்டே அமெரிக்கக் கணக்கில் ஆப்ஷன் செய்யலாமா என்று கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் தாராள பண அனுப்பல் திட்டத்தின்கீழ் வெளிநாட்டுச் சந்தைகளில் மார்ஜினுக்காகவோ மார்ஜின் காலுக்காகவோ பணம் அனுப்ப அனுமதி இல்லை. அந்த வழியில் பணம் அனுப்புபவர்களுக்கு ஸ்பிரெட்டும் நேக்கட் விற்பனையும் லெவல் கிடைத்தாலும் செய்யக்கூடாதவை.

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களில் பலர் இப்போது இந்த விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். அவர்கள் உண்மையான எண்களையே எழுதட்டும். முதல் இரண்டு படிகளுக்கு மேல் கேட்பதற்கு முன், புரோக்கரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: எக்ஸ்பைரி நாளில் எத்தனை மணிக்கு என் ஸ்பிரெட்டை நீங்களாக முடிப்பீர்கள்? ஒரு கால் மட்டும் அசைன் ஆனால் என் திரையில் என்ன தெரியும்? அப்போது போனில் பேச ஆள் கிடைப்பாரா? பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கிடைத்த லெவலை விட்டுக்கொடுங்கள், கீழ்ப்படிக்கு மாற்றச் சொன்னால் மாற்றித் தருவார்கள். ஸ்பிரெட் வைத்திருப்பவர்கள் எக்ஸ்பைரி வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் ஓரிரு நாள் முன்பே இரண்டு கால்களையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.